பெரும் சம்பவத்தில் பாகம் முடிவதில்லை: நெடிய நாவலைப் பகுப்பது பற்றி

பேராக் ஆற்றின் முகத்துவாரத்துக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் பாகான் டத்தோ தென்னைக்குப் பேர்போன மண். நீண்ட காலம் ஹிலிர் பேராக் மாவட்டத்தோடு சேர்ந்திருந்து, 2017-இல் தனி மாவட்டமானது. மலேசியத் தமிழ் நாவல் தோட்டத்தைப் பேசும்போது பெரும்பாலும் பால்மரத் தோட்டத்தையே பேசியிருக்கிறது. பால்மரத்துக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. இருட்டோடு பெரட்டு, விடியும்போது வெட்டு, வெயில் ஏறியதும் பால் எடுப்பு, பிறகு நிறுவை, அதன் பின் லயத்துக்குத் திரும்புதல். இந்த ஒழுங்கு எழுதுபவரின் கையிலும் படிந்துவிடுகிறது. பெரட்டில் தொடங்கி லயத்து விளக்கு அணைவதோடு முடிவது ஒரு அத்தியாயம் என்ற வழக்கம் யாரும் வகுக்காமலே வந்துவிட்டது. தென்னைத் தோட்டத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு தடவை காய் பறித்த இடத்துக்கு ஆட்கள் மறுபடி வர ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ ஆகும். பறிப்பு, உரிப்பு, கொப்பரை உலர்த்தல் என வேலை ஒரு சுற்றாக நகர்கிறதே தவிர ஒரு நாளுக்குள் முடிவதில்லை. பால்மர நாவலின் அத்தியாய அளவைத் தூக்கித் தென்னை மண்ணில் நட்டால், விடிவதும் அடைவதும் மட்டும் இருக்கும், நடுவில் எதுவும் மாறியிருக்காது. இது சிறிய தொழில் குறிப்பு போலத் தோன்றினாலும், நெடிய நாவலைப் பகுப்பதில் உள்ள அடிப்படைக் கேள்வி இதற்குள் இருக்கிறது. அத்தியாயத்துக்கும் பாகத்துக்கும் எல்லை எங்கிருந்து கிடைக்கிறது? நாள் முடிவதிலிருந்தா, பக்கக் கணக்கிலிருந்தா, பெரிய சம்பவத்திலிருந்தா? இந்த மூன்றும் நம்பத்தகாத எல்லைகள் என்பதும், வாசகர் எதற்காகக் காத்திருக்கிறாரோ அது மாறும் இடமே உண்மையான எல்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சிலப்பதிகாரத்தைப் பார்க்கலாம். அது நாவல் அல்ல. ஆனால் நீண்ட கதையைக் காண்டம், காதை என்று இரண்டு அடுக்காகப் பகுத்த தமிழ்ப் படைப்புகளில் நாம் இன்னும் பாடம் கேட்கக்கூடியது அதுவே. புகார்க் காண்டத்தில் 10 காதைகள், மதுரைக் காண்டத்தில் 13, வஞ்சிக் காண்டத்தில் 7. சமமான பங்கீடு அல்ல என்பது எண்ணைப் பார்த்தாலே தெரியும். எல்லைகள் விழும் இடங்கள் அதைவிடக் கவனிக்கத்தக்கவை. கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு வெளியேறும் தருணம் கதையின் பெரிய திருப்பம். இன்றைக்கு எழுதும் ஒருவர் முதல் பாகத்தை அந்த வாசற்படியில்தான் நிறுத்துவார். இளங்கோ நிறுத்தவில்லை. அவர்கள் ஊரைக் கடந்து, கவுந்தியடிகளோடு காவிரிக் கரையோடு நடந்து, உறையூர் சேரும்வரை புகார்க் காண்டம் நீள்கிறது. ஊரை விட்டாலும் அவர்கள் இன்னும் சோழ நாட்டுக்குள்தான் இருக்கிறார்கள். விட்டு வந்ததன் பாரம் இன்னும் இறங்கவில்லை. உறையூருக்கு அப்பால் காடு தொடங்கும்போதுதான் அடுத்த காண்டம் தொடங்குகிறது. அதேபோல, கோவலன் வெட்டுப்படுவது 16-ஆவது காதையில். அங்கே காண்டம் முடியவில்லை. பாண்டியன் அவையில் வழக்குரைத்த பிறகும் முடியவில்லை. மதுரை எரிந்த பிறகும் முடியவில்லை. நகரத் தெய்வம் வந்து பழைய வினையைச் சொல்லி, கண்ணகி மலையேறி விண்ணகம் சென்ற பிறகே மதுரைக் காண்டம் மூடுகிறது. கொலை எழுப்பிய கேள்வி அது எதனால் நடந்தது என்பது. அதற்குக் கதை தன் வழியில் பதில் சொல்லி முடிக்கும்வரை எல்லைக்கோடு விழவில்லை.

இந்தப் பகுப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கண்ணகியின் வாழ்க்கை இரண்டாம் காண்டத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் 7 காதைகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு மன்னன் கல் எடுக்கப் போகிறான். ஒரு பெண் தெய்வமாகிறாள். கதைத் தலைவி போன பின்பும் இத்தனை இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால்தான், இது ஒரு குடும்பத்தின் துயரம் மட்டுமல்ல, அந்தத் துயரத்தை நாடு எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதைப் பற்றியும் எழுந்த காப்பியம் என்று நமக்குத் தெரிகிறது. பாகங்களின் வரிசையும் அளவும் இப்படி ஒரு படைப்பின் பொருளையே சொல்லக்கூடியவை. உள்ளடக்கத்தை எழுதிவிட்டுப் பிறகு மேலே ஒட்டும் சீட்டு அல்ல அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ருஷ்யாவில் டால்ஸ்டாய்க்கு இதே நிலை வேறு வழியில் வந்தது. அன்னா கரீனினா எட்டுப் பாகங்கள் கொண்டது. அன்னா ரயிலடியில் மாய்வது ஏழாம் பாகத்தின் முடிவில். அதைத் தொடராக வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர், எட்டாம் பாகத்தில் இருந்த அரசியல் கருத்துக்களை ஏற்காமல் அதை அச்சிட மறுத்தார். 1877-இல் டால்ஸ்டாய் அந்தப் பாகத்தைத் தனியாக அச்சிட்டு வெளியிட்டார். அன்னாவின் மரணமே நாவலின் முடிவு என்றால் எட்டாம் பாகம் தேவையில்லை. லெவின் வாழ்வதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறான். அந்தத் தேடல் முடியாமல் நாவல் முடியாது என்று டால்ஸ்டாய் கருதினார். மறுப்புக்குப் பிறகும் அதை வெளியிட்டே தீர்ந்தார் என்பதிலிருந்து, ஒரு பாகம் எவ்வளவு முக்கியமான முடிவு என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

தமிழில் நெடிய நாவலின் பகுப்பைப் பேசும்போது கல்கியின் பொன்னியின் செல்வனைத் தாண்டிச் செல்ல முடியாது. வாரப் பத்திரிகைதான் தமிழ் அத்தியாயத்தின் அளவைத் தீர்மானித்தது என்ற கருத்து பரவலாக இருக்கிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவதும் இந்த நாவல்தான். அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கல்கி இதழில் 1950 அக்டோபர் இறுதியில் தொடங்கிய தொடர் 1954-இல் முடிந்தது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள். ஐந்து பாகங்களில் அத்தியாயங்கள் முறையே 57, 53, 46, 46, 91, மொத்தம் 293. மூன்றரை ஆண்டில் சுமார் 185 வாரங்கள் என்று கொண்டால், வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயத்துக்குச் சற்று மேல் வருகிறது. அதாவது வாரத் தவணையும் அத்தியாயமும் ஒன்றல்ல. பத்திரிகை ஒதுக்கிய இடத்துக்குள் கல்கி சில வாரம் ஒன்றும் சில வாரம் இரண்டுமாக வைத்திருக்க வேண்டும். அத்தியாயத்தின் முடிவை அவர் காட்சியிலிருந்தே எடுத்தார். பத்திரிகையின் பக்கம் அவருக்கு வெளி எல்லையாக மட்டும் இருந்தது. பதிப்புக்குப் பதிப்பு மாறினாலும் ஒரு அத்தியாயம் சராசரியாக எட்டுப் பக்கத்தை ஒட்டி இருக்கிறது. ஒருவர் ஓர் இடத்துக்கு வந்து, ஒரு செய்தியை அறிந்து, புறப்படுவதற்கு அது போதும். வந்தியத்தேவனின் பயணம் அப்படிப்பட்டது. அவன் தூதன், அவன் தங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரகசியம் கை மாறுகிறது. குறுகிய அத்தியாயம் வாரப் பத்திரிகையால் மட்டும் வந்ததல்ல, தூதன் ஒருவனைக் கதையின் கண்ணாக வைத்ததாலும் வந்தது. இதைக் கவனிக்காமல், மூன்று தலைமுறைக் குடும்பக் கதைக்கு அதே எட்டுப் பக்க அளவைப் போட்டால், அங்கே ரகசியம் கை மாறாது. ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் செயற்கையாக யாராவது கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

பாகங்களின் கணக்கு இன்னும் பயனுள்ளது. முதல் நான்கு பாகங்கள் அளவில் ஒன்றுக்கொன்று நெருக்கம். கடைசிப் பாகம் கிட்டத்தட்ட இரண்டு பாகத்துக்குச் சமம். மூன்றாம் பாகத்துக்குக் கொலை வாள் என்று பெயர் வைத்தார் கல்கி. ஆனால் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவது அந்தப் பாகத்தில் அல்ல, நான்காம் பாகத்திலும் அல்ல. ஐந்தாம் பாகத்தின் நடுவை நெருங்கும்போதுதான். மூன்றாம் பாகத்தின் பெயர் வாசகர் மனத்தில் ஒரு காத்திருப்பை ஊன்றுகிறது. நான்காம் பாகம் மணிமகுடம் என்ற பெயரோடு அந்தக் காத்திருப்பின் மேல் இன்னொன்றை ஏற்றுகிறது. யார் கொல்லப்படுவார் என்பதோடு யார் முடிசூடுவார் என்பதும் சேர்ந்துகொள்கிறது. கொலை நடந்த பிறகு கதை முடியாமல் அரைப் பாகத்துக்கும் மேல் செல்வதற்குக் காரணம், இரண்டாவது கேள்வி இன்னும் திறந்திருப்பது. அருள்மொழி தனக்கு வந்த முடியை விட்டுக்கொடுக்கும்போது அந்தக் கேள்வி அடைபடுகிறது. அதனால்தான் பாகத்தின் பெயர் தியாக சிகரம். கல்கி கொலையைப் பாகத்தின் முடிவில் வைத்திருந்தால், வாரப் பத்திரிகை வாசகரைப் பிடித்து வைக்க அதைவிடப் பெரிய கொக்கி இருந்திருக்காது. அதை அவர் செய்யாதது இந்தப் பகுப்பின் பெரிய பலம் என்றே நான் மதிப்பிடுகிறேன். பலவீனமும் உண்டு. ஐந்தாம் பாகத்தில் கேள்விகள் அதிகம் சேர்ந்துவிட்டன. 91 அத்தியாயங்கள் கடந்தும் சிலருடைய கதி சொல்லப்படாமல் நின்றது. முடிவுரையில் அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதாயிற்று. கொலையின் விளைவுகள் ஓயும் இடத்தில் ஓர் எல்லை விழுந்து, ஆறாவதாக ஒரு சிறு பாகம் தொடங்கியிருந்தால் அந்தக் கதிகளுக்கு நாவலுக்குள்ளேயே இடம் கிடைத்திருக்கும் என்று தோன்றுகிறது. ஒரு பாகம் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு வீங்கினால், அதற்குள் இரண்டு பாகங்கள் ஒளிந்திருக்கின்றனவா என்று பார்ப்பது எழுத்தாளரின் கடமை.

இனி மலேசிய மண்ணுக்கு வரலாம். இங்கே நாவலாசிரியரின் கை தவறும் இடம் வேறு. பாகான் டத்தோ தென்னைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்றை எடுத்து, 1938 முதல் 1990 வரை எழுதிய ஒரு கைப்பிரதியை எண்ணிக்கொள்வோம். அளவு 1,20,000 சொற்கள். டெம்மி அளவுப் பக்கத்தில் ஏறத்தாழ 250 சொல் என்று வைத்தால் 480 பக்கங்கள் வரும். இந்தக் காலத்தை எழுதும் எவருக்கும் ஐந்து பாகங்கள் தாமாகவே வந்து நிற்கும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கியது, 1948-இல் அவசரகாலம், 1957-இல் மெர்டேக்கா, 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் நெருக்கடி, கடைசியில் தென்னை போய்ச் செம்பனை வந்து லயம் காலியானது. பள்ளிப் புத்தகத்தின் பாடத் தலைப்புகள் அப்படியே பாகத் தலைப்புகளாகிவிடும். இந்தப் பகுப்பின் தீங்கை ஒரு சோதனையால் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு பாகத்தின் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். அங்கே வானொலிச் செய்தியோ, கிராணி வந்து சொல்லும் தகவலோ, காப்பிக் கடையில் நடக்கும் அரசியல் பேச்சோ இருந்தால், பாகத்தைத் தொடங்குவது வரலாறு. குடும்பம் வெறும் சாட்சியாக ஓரத்தில் நிற்கிறது.

அதே கைப்பிரதியில் குடும்பத்தின் கணக்கு என்ன என்று தேடிப் பார்ப்போம். 1943-இல் குடும்பத் தலைவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போகிறார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைகிறது. வரலாற்றுக்கு அது முடிவு. அந்த வீட்டுக்கு அல்ல. திரும்பி வந்தவர்கள் வந்துவிட்டார்கள். இவர் வரவில்லை, இறந்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை. மனைவி தாலியைக் கழற்றவில்லை. 1949-இல், அவசரகாலக் கெடுபிடிக்கு நடுவே, தெலுக் இந்தானிலிருந்து வந்த ஒருவர் அவரோடு ஒரே கொட்டகையில் கிடந்ததாகச் சொல்கிறார். அப்போதுதான் காத்திருப்பு முடிகிறது. ஆக முதல் பாகம் போருக்கு முன் தொடங்கி, சரணடைதலைத் தாண்டி, 1949-இல் முடிய வேண்டும். அவர் வருவாரா என்பது அதன் கேள்வி. இரண்டாம் பாகம் அங்கிருந்து 1970 வரை ஓடும். தகப்பன் பெயரில் எந்தப் பத்திரமும் இல்லாத மூத்த மகன், சிவப்பு அடையாளக் கார்டை வைத்துக்கொண்டு தான் யார் என்று நிரூபிக்க அலைகிறான். மெர்டேக்கா இந்தப் பாகத்தின் நடுவில் ஒரு அத்தியாயமாக வந்து போகும், அவ்வளவுதான். 1957-இல் அந்த வீட்டில் எதுவும் மாறவில்லை என்பதே அந்த அத்தியாயத்தின் செய்தி. மூன்றாம் பாகம் பேத்தியுடையது. தோட்டத்தை விட்டுப் போவதா, கடைசிக் குடும்பமாக லயத்தில் இருப்பதா என்பது அதன் கேள்வி. ஐந்து மூன்றானது. அளவைப் பார்த்தால் முதல் பாகம் 45,000 சொல், இரண்டாவது 50,000, மூன்றாவது 25,000 என்று வரலாம். மூன்றாவது பாதியாகக் குறைந்ததைக் கண்டு பயந்து அதை ஊதிப் பெருக்கக் கூடாது. வஞ்சிக் காண்டமும் சிறியதுதான். வாசகர் அந்த இடத்துக்கு வரும்போது மனிதர்களை அறிந்திருக்கிறார். குறைவாகச் சொன்னாலே போதும்.

அத்தியாயத்துக்கு இறங்கும்போது இதே அளவுகோலைச் சிறிதாக்கிப் பயன்படுத்தலாம். பயன்தரும் வழி ஒன்று உண்டு. முதல் படி முடிந்ததும் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும். அதில் மூன்று செய்திகள் போதும்: இந்தக் காட்சியின் தொடக்கத்தில் தெரியாத எது முடிவில் யாருக்குத் தெரிகிறது, காட்சி எத்தனை சொல், முந்தைய காட்சிக்கும் இதற்கும் இடையே எவ்வளவு காலம் போயிருக்கிறது. நமது கைப்பிரதியில் 1949-இல் வந்த செய்திக்குப் பிறகு நடக்கும் கருமாதி ஓர் அத்தியாயமாக 9,000 சொல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சீட்டுகளை அடுக்கினால் அதற்குள் மூன்று மாற்றங்கள் இருப்பது தெரியும். செய்தி சொன்னவர் முழு உண்மையைச் சொல்லவில்லை என்று மனைவிக்குப் புரிகிறது; மூத்த மகன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போக முடிவெடுக்கிறான்; கணவரின் தம்பி இந்த வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று வாய்விடுகிறான். மூன்றும் ஒரே நாளில், ஒரே பந்தலில் நடக்கின்றன. நாள் கணக்குப்படி இது ஒரே அத்தியாயம். காத்திருப்பின் கணக்குப்படி, முதலாவது முதல் பாகத்தின் கேள்வியை அடைக்கிறது. மற்ற இரண்டும் அடுத்த பாகத்துக்கு உரியவை. ஆகவே பாகத்தின் எல்லையே அந்தப் பந்தலுக்குள் விழ வேண்டும். மனைவிக்கு உண்மை புரிந்த இடத்தில், 3,000 சொல்லில், முதல் பாகம் முடிகிறது. இரண்டாம் பாகம் அதே பந்தலில், அதே மாலையில், மகனின் கண் வழியாகத் தொடங்குகிறது. நாளை இப்படி இரண்டாக வெட்டத் துணிவு வேண்டும். வெட்டினால் இரண்டு பாதியும் நிமிர்ந்து நிற்கும்.

இதற்கு நேர்மாறான நிலையும் வரும். சராசரி 3,000 சொல் கொண்ட அத்தியாயங்களுக்கு நடுவே 900 சொல்லில் ஒன்று நிற்கலாம். காப்பிக்குப் பால் கலக்கும் நேரத்தில் மாமியார் மருமகளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் பழையபடி இல்லை. அதை அடுத்த அத்தியாயத்தோடு ஒட்டி அளவைச் சரிசெய்வது பெரும் பிழை. முன்னும் பின்னும் வெற்றிடம் இருந்தால்தான் அந்த வாக்கியம் வாசகருக்குக் கேட்கும். காலமோ இடமோ மட்டும் மாறி, கேள்வி மாறாத இடத்தில் அத்தியாய எண் தேவையில்லை; ஒரு வரி இடைவெளியோ நடுவில் மூன்று நட்சத்திரமோ போதும். காய் பறிப்பு ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று வரும் இரண்டு மாதத்தை இப்படி ஒரு வெற்று வரியால் தாண்டலாம். இந்த இரண்டு கருவிகளையும் மாற்றிப் பயன்படுத்துவதால் வரும் நோயை அடையாளம் காண்பது எளிது. அத்தியாயம் தொடங்கியதும் முதல் பத்தியில் முந்தைய அத்தியாயத்தின் சுருக்கம் தேவைப்பட்டால், அங்கே அத்தியாயம் வெட்டப்பட்டிருக்கக் கூடாது. ஒரே அத்தியாயத்துக்குள் ஐந்தாறு நட்சத்திரக் கோடுகள் வந்தால், அங்கே அத்தியாயம் வெட்டப்பட்டிருக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது, நாவல் ஓர் உயிர், அதை முன்கூட்டியே கூறுபோட்டு எழுதினால் உயிர் போய்விடும் என்பது. இதில் பாதி உண்மை உண்டு. அத்தியாய எண்களை முதலில் வரைந்துகொண்டு ஒவ்வொன்றையும் நிரப்புகிறவர், சீட்டில் எழுதிய காட்சியை மட்டுமே எழுதுவார். எழுதும்போது எதிர்பாராமல் வரும் மனிதர்களுக்கு அங்கே இடமிருக்காது. அதனால் அத்தியாயத்தைப் பகுப்பது முதல் படிக்குப் பிந்தைய வேலை என்பதே என் முடிவும். பாகங்களின் நிலை வேறு. எந்தக் கேள்வி எங்கே அடைபட்டு அடுத்தது எங்கே திறக்கிறது என்பது மனத்தில் இல்லாமல் நானூறு பக்கம் எழுதுவது, வெள்ளம் வடிய வாய்க்கால் வெட்டாமல் கரையோரச் சேற்றில் தென்னை நடுவது போன்றது. மரம் வளரும், வேர் அழுகும். மூன்று பாகங்களுக்கு மூன்று கேள்விகளை மூன்று வாக்கியங்களில் முன்பே எழுதிக்கொள்வதால் எந்த உயிரும் போகாது. எழுதும்போது கேள்வி மாறினால் வாக்கியத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு மறுப்பு இன்றைய வாசகரைப் பற்றியது. கைப்பேசியில் படிக்கிறார்கள், நீண்ட அத்தியாயத்தைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள், எனவே எல்லாவற்றையும் 1,000 சொல்லுக்குள் நறுக்க வேண்டும் என்கிறார்கள். இந்த இடத்தில் கல்கியின் கணக்கு மறுபடி உதவுகிறது. கொடுக்கும் தவணை வேறு, அத்தியாயம் வேறு. ஜெயமோகன் வெண்முரசை 2014 முதல் 2020 வரை நாள்தோறும் இணையத்தில் வெளியிட்டார். 26 நாவல்கள் கொண்ட அந்தத் தொடரில், ஒரு நாளுக்கு வந்த பகுதிகள் சேர்ந்து பெரிய அலகுகள் ஆயின. அன்றாடத் தவணை நாவலின் அமைப்பைக் கட்டுப்படுத்திவிடவில்லை. 3,000 சொல் அத்தியாயத்தை இரண்டு நாளில் கொடுப்பது பதிப்பாளரின் வேலை. அதற்காக அத்தியாயத்தின் நடுவில் ஒரு போலி அதிர்ச்சியை எழுதிச் சேர்ப்பது எழுத்தாளரின் வேலை அல்ல. மலேசியாவில் இந்த எச்சரிக்கைக்குத் தனித் தேவை இருக்கிறது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்ற தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களின் ஞாயிறுப் பதிப்புகள் இங்கே கதைகளையும் தொடர்களையும் தாங்கி நின்றன. அந்தப் பக்கங்கள் சுருங்கிய பிறகு, நாவலை எழுதத் தூண்டும் இடத்தில் போட்டிகள் வந்து நிற்கின்றன. தொடருக்கு எழுதியவரை வாரப் பக்கம் நெருக்கியது போலவே, போட்டிக்கு எழுதுபவரை மொத்தப் பக்க வரம்பு நெருக்குகிறது. அப்போது குறைவது எப்போதும் கடைசிப் பாகம்தான். 25,000 சொல் வேண்டிய பேத்தியின் கதை 8,000 சொல்லில் ஓடி முடிகிறது. வரம்பு குறுகியது என்றால் ஒரு பாகத்தின் கேள்வியையே விட்டுவிட்டு, மீதியைத் தேவையான அளவில் எழுதுவது நேர்மையான வழி. 1949-இல் முடியும் முதல் பாகம் மட்டுமே ஒரு முழு நாவலாக நிற்கக்கூடியது.

வரலாற்று நாவலுக்கு ஆண்டு தெரியாமல் வாசகர் குழம்புவார், ஆகவே ஆண்டுகளைப் பாகத் தலைப்பாக வைக்கத்தான் வேண்டும் என்ற வாதமும் உண்டு. ஆண்டு தெரிய வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதைச் சொல்ல அத்தியாயத்தின் தலைக்கட்டில் ஓர் எண் போதும், அல்லது காட்சிக்குள் ஒரு சிவப்புக் கார்டு போதும். பாகத்தின் பெயர் அதைவிட மதிப்புள்ள இடம். கொலை வாள் என்ற பெயர் இரண்டு பாகம் தள்ளி நடக்கப்போவதை அங்கேயே ஊன்றிவிட்டது. அந்த வேலையை 1948 என்ற எண்ணால் செய்ய முடியாது. அந்த எண்ணுக்கு அடுத்தது என்ன என்பது வாசகருக்கு ஏற்கெனவே தெரியும்.

தோட்டத்து வாழ்வை எழுதிக்கொண்டிருக்கும் நாவலாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் படி முடிந்ததும், கைப்பிரதியிலிருந்து பாகத் தலைப்புகளையும் அத்தியாய எண்களையும் முழுவதும் நீக்கிவிட்டு, ஒரே ஓட்டமாக அச்செடுத்து, உங்கள் கதையை அறியாத ஒருவர் கையில் கொடுங்கள். ஒரு பென்சிலும் கொடுங்கள். படிப்பதை நிறுத்திப் புத்தகத்தைக் கீழே வைக்கத் தோன்றும் இடத்தில் ஒரு கோடும், எதற்காகக் காத்திருந்தாரோ அது முடிந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் இரண்டு கோடும் போடச் சொல்லுங்கள். அந்தக் கோடுகளை உங்கள் பழைய எண்களோடு ஒப்பிட்ட பிறகு அத்தியாயங்களை வகுங்கள்.